ஒல்லாந்தரின் சட்டம்

மதராசில் பி.எல். முடித்து, அங்கேயே வக்கீலாகப் பதிவும் செய்துகொண்டு இலங்கை திரும்பிய அண்ணனை அட்டன் ஸ்டேஷனில் தப்படித்து வரவேற்றோம். வேலை போன பிறகும் லயத்து வீட்டைக் காலி செய்யவில்லை என்று அப்பா மேல் தேயிலைத் தோட்டத்துத் துரை போட்டிருந்த வழக்கு அடுத்த வாரம். மகன் பேசுவான் என்று அப்பா தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

வழக்கு விவரம் கேட்க மூவரும் டவுனில் வழக்குப் பத்திரங்கள் எழுதும் யாழ்ப்பாணத்துப் புரக்டரிடம் போனோம். அண்ணன் கறுப்புக் கோட்டோடுதான் வந்திருந்தான்.

"தம்பி, இந்தப் பதிவோட இஞ்ச வழக்குப் பேச ஏலாது," என்றார் அவர். "கொழும்பில சோதனை எழுதிப் பாஸ் பண்ண வேணும். ஒரு அட்வகேட்டிட்டப் பயிற்சி எடுத்து, சுப்ரீம் கோட்டில சத்தியம் செய்ய வேணும்."

அண்ணன் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"மூணு வருசம் சட்டந்தானேங்க படிச்சான்?" என்றார் அப்பா.

"அது இந்தியச் சட்டம். இஞ்ச ரோமன் டச்சுச் சட்டம். முந்தி இஞ்ச ஆண்ட ஒல்லாந்தர் விட்டிட்டுப் போனது."

இந்திய வம்சாவளி என்று இலங்கைப் பிரஜாவுரிமை மறுக்கப்பட்ட அப்பா எழுந்தே விட்டார்.

"ஒல்லாந்துக்காரன் எப்பவோ கப்பலேறிட்டான். அவன் சட்டத்துக்கு இங்க எடம் இருக்கு. இங்கயே பொறந்த எனக்கு இல்லையாங்க?"