ஜட்காக்காரரின் காலும் பெரிய டாக்டரின் அவசரமும்

கண்டோன்மென்ட் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு நர்ஸாக நான் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜட்கா ஓட்டும் ஒருவரைப் பாதம் நசுங்கிச் சேர்த்திருந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் காலை கட்டைப் பிரித்தேன். பாதம் கறுத்திருந்தது, நாற்றம் தாங்கவில்லை. கெண்டைக்காலை அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்றது.

பெரிய டாக்டர் மெட்ராஸ்காரர். வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவரை ஓடிப் பிடித்தேன்.

“சார், அந்த ஜட்காக்காரர் நேத்து சாயங்காலம் கட்டு இறுக்கமா இருக்குன்னார். ராத்திரி ஜுரம் வந்தது. கஞ்சி குடிக்கல…”

அவர் அடுத்த வார்டுக்குள் போய்விட்டார். கஞ்சியை யாரிடம் சொல்வது? நானும் பின்னால் போனேன்.

“சார், கால் அழுகுது. முழங்கால் வரைக்கும் ஏறப்போகுது.”

அப்படியே திரும்பினார். வந்து ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். கட்டில் பக்கத்தில் நின்ற ஜட்காக்காரரின் மனைவியிடம், “இன்னிக்கே காலை எடுக்கணும். முழங்காலுக்கு மேல. சரின்னு சொன்னா உடனே தியேட்டர்” என்றார். டாக்டரிடம் எடுபட்ட நேர்ப்பேச்சு அவளிடம் எடுபடவில்லை. அந்த அம்மா தட்டு, சொம்பு, போர்வை எல்லாவற்றையும் மூட்டை கட்ட ஆரம்பித்தாள். மாமியார் ஊரில் எலும்புக்குக் கட்டுப்போடும் ஒருவர் இருக்கிறாராம். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “சிஸ்டர், பேசுங்க” என்று போய்விட்டார்.

நான் மூட்டையைப் பற்றிப் பேசவில்லை.

“கால் எப்பக்கா கறுத்துச்சு?”

“நேத்து விரல் மட்டும்தாம்மா.”

“இப்ப?”

எட்டிப் பார்த்தாள். “கணுக்கால் வரைக்கும்.”

அவள் கையை எடுத்துக் கெண்டைக்காலில் வைத்தேன். நறநறவென்றதும் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“அது உள்ள கெட்ட காத்துக்கா. மேல ஏறிட்டே இருக்கும். இடுப்புக்குப் போயிட்டா அப்புறம் வெட்டறதுக்கு இடமில்ல.”

அவள் கணவரின் தொடையைப் பார்த்தாள். பிறகு தானே சொன்னாள்: “அப்போ அது ஏறுறதுக்கு முன்னாடியே எடுத்துடணுமா?”

“ஆமா.”

கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறந்தார். இதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. “எடுத்துடச் சொல்லு. குதிரைக்கு யாராவது கொள்ளு வெச்சீங்களா?” என்றார்.

தியேட்டர் வாசலில் டாக்டர் புருவத்தை உயர்த்தினார்.

“சம்மதம், சார்.”

“எப்படி ஒத்துக்கிட்டாங்க?”

“முதல்ல அவங்ககிட்ட…” என்று தொடங்கினேன். அவர் கை கழுவப் போய்விட்டார்.

ஜட்காக்காரர் பிழைத்தார். குதிரையை விற்று, மார்க்கெட் பக்கத்து ஜட்கா ஸ்டாண்டில் புல்லுக்கடை போட்டார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு, கால் போன கதையைச் சக்கரம் ஏறியதிலிருந்து சொல்வார். நானும் அங்கே இருந்தேன் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. நான் நின்று முழுவதும் கேட்பேன்.