பேசாத பிள்ளைக்கு ஐந்து நிமிடம்

அந்தப் பிள்ளையைப் பற்றி எங்கள் புதன்கிழமைக் கூட்டத்தில் முதல் தடவை பேசியபோது நான் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்த அன்று, அவள் அம்மா என் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஸ்ரீவைகுண்டத்துக்கு அங்கிட்டு ஒரு ஊர். வாழைத்தோட்டத்தில் கூலி வேலை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பக்கத்தில் எட்டு வயதுப் பெண் குழந்தை.

“சர்ட்டிபிகேட் வாங்கிட்டுப் போவச் சொன்னாவ மேடம். மூளை வளர்ச்சி கம்மின்னு எழுதித் தருவாவளாம். அத ஸ்கூல்ல குடுக்கணுமாம்.”

நான் குழந்தையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தாவணி போட்ட அம்மனின் படம் உள்ள நாள்காட்டியை, அடியிலிருக்கும் எழுத்துகளை, வரிவரியாகக் கண்ணால் படித்துக்கொண்டிருந்தாள். படிக்கிற கண் எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும். பதினைந்து வருடமாக இந்தக் குழந்தைகள் மனநலப் பிரிவில் உளவியலாளராக இருக்கிறேன்.

பழைய தாள்களை எடுத்தேன். எனக்குப் பதிலாக வந்தவர் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் அறிவுத்திறன் சோதனையை வைத்திருந்தார். பிள்ளை ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. பேசாத ஒவ்வொரு கேள்விக்கும் சுழி. சுழிகளைக் கூட்டி, நடுத்தர அளவு அறிவுத்திறன் குறைபாடு என்று முடிவு. பதில் சொல்லாத குழந்தைக்கும் பதில் தெரியாத குழந்தைக்கும் வித்தியாசம் உண்டு என்பது அந்தக் கூட்டத்தில் இருந்த ஐந்து பேருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்திருக்கும்.

“வீட்ல எப்படிம்மா?” என்று கேட்டேன்.

“வீட்லயா? வாய் ஓயாது. தம்பிக்காரன்கிட்ட கத சொல்லிக்கிட்டே கெடப்பா. பள்ளிக்கூட வாசப்படி ஏறுனா போச்சி, ஒரு சொல்லு வராது. ஒண்ணாங்கிளாசுல இருந்தே இப்படித்தான். டீச்சர்மாரு அழுத்தக்காரின்னு சொல்லுதாவ. அவ அப்பா அடிச்சுங்கூடப் பாத்தாச்சு.”

“வேற எங்கயும் பேச மாட்டாளா?”

“கடையில பேச மாட்டா. கோயில்ல, சொந்தக்காரங்க வீட்ல காதுக்குள்ள பைய சொல்லுவா. ஆளில்லாத இடம்னா பேசுவா.”

எனக்குக் கோபம் அப்போதே வந்துவிட்டது. சில இடங்களில் மட்டும் பேச்சு அடைபட்டுப் போகும் பிள்ளைகள் உண்டு. அது அடமல்ல, பதற்றம். பேச வேண்டும் என்று நினைக்கும்போதே தொண்டை இறுகிவிடும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த அம்மாவிடம் பத்து நிமிடம் பேசியிருந்தால் போதும். அதற்குள் ஒரு பிள்ளையை மூளை வளர்ச்சி இல்லாதவளாக்கி, ஊருக்கு வெளியே விடுதியோடு இருக்கும் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பத் தயாராகிவிட்டார்கள்.

அடுத்த இரண்டு வாரங்களில் அவளை மூன்று முறை வரச் சொன்னேன். காது கேட்கும் சோதனை செய்தோம், குறையில்லை. பேசாமல் விரலால் சுட்டிக் காட்டிச் செய்யும் படப் புதிர்ச் சோதனையை வைத்தேன். வயதுக்கு ஏற்றபடி, சில இடங்களில் அதற்கு மேலேயே செய்தாள். எழுதச் சொன்னால் எழுதினாள். என்னிடம் பேசவில்லை, நானும் பேசச் சொல்லவில்லை. வீட்டில் தம்பியோடு அவள் பேசுவதை அம்மா கைபேசியில் பதிவு செய்து கொண்டுவந்தாள். எங்கள் குழுவுக்குப் போட்டுக் காட்டலாமா என்று கேட்டேன். “எம்பிள்ள பேசுவான்னு எல்லாரும் கேக்கட்டும்” என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூட்டத்துக்கு எழுத உட்கார்ந்தேன். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம்தான். முதலில் எழுதியது நான்கு பக்கம். அதில் பாதி பிள்ளையைப் பற்றியதே இல்லை; என் சகாக்களைப் பற்றியது. “அக்கறையின்மை” என்ற சொல் அதில் எத்தனை தடவை வந்தது என்று பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. அதை வாசித்தால் அவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுவார்கள், பிள்ளை மறந்துபோகும். எல்லாவற்றையும் அடித்தேன். யார் இந்தக் குழந்தை, ஏன் இப்போது வந்தாள், நமக்குத் தெரிந்தது என்ன, இது எப்படி உண்டாகி எதனால் நீடிக்கிறது என்று நான் நினைக்கிறேன், எனக்குத் தெரியாதது என்ன. கடைசியில் ஒரே ஒரு கேள்வி. அரைப் பக்கத்துக்கு வந்தது. கோபம் குறையவில்லை. தாளில் இருந்து எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

புதன்கிழமை மேசையைச் சுற்றி வழக்கமான ஆட்கள். பிரிவுத் தலைவரான மனநல மருத்துவர், குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், சமூகப் பணியாளர், நான். நான் பெயரை எடுத்ததுமே குழந்தை மருத்துவர், “இது முடிஞ்ச கேஸ்தானே?” என்றார்.

“முடியல சார். ஐந்து நிமிஷம் கேளுங்க” என்று ஆரம்பித்தேன்.

“எட்டு வயதுப் பெண், மூன்றாம் வகுப்பு. குறைபாட்டுச் சான்றிதழ் வேண்டும் என்று பள்ளி அனுப்பியிருக்கிறது. வீட்டில் சரளமாகப் பேசுகிறாள். பள்ளியிலும் அந்நியர் முன்னும் இரண்டு வருடத்துக்கு மேலாக ஒரு சொல்லும் இல்லை. காது கேட்கிறது. பேச்சில்லாத சோதனையில் அறிவுத்திறன் வயதுக்கேற்ப இருக்கிறது. முந்தைய சோதனையில் அவள் பேசவே இல்லை, அதனால் அந்த எண் செல்லாது.”

“ஆட்டிசம் பார்த்தீங்களா?” என்றார் குழந்தை மருத்துவர்.

“பார்த்தேன். தம்பியோடு கற்பனை விளையாட்டு இருக்கு. ஒரு தோழி இருக்கா. அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறா. அதற்கான அடையாளம் இல்லை. முடிச்சிடறேன் சார்.”

தலைவர் அவரைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினார். நான் தொடர்ந்தேன்.

“என் புரிதல் இது. பிறவியிலேயே கூச்சமுள்ள குழந்தை. அம்மாவும் சிறு வயதில் அப்படித்தான். அம்மா சொன்னபடி, முதல் வகுப்பில் சத்தமாக வாசித்தபோது வகுப்பே சிரித்திருக்கிறது, ஆசிரியை திரும்பத் திரும்ப வாசிக்க வைத்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் பேச்சு நின்றது. பேசாமல் இருக்கும் ஒவ்வொரு தடவையும் பயம் தணிகிறது, அதனால் மௌனம் பழகிவிட்டது. பள்ளியில் தண்டிக்கிறார்கள், பயம் கூடுகிறது. வெளியே அம்மா அவளுக்காகப் பதில் சொல்லிவிடுகிறாள், பேச வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. சாதகமாக இருப்பது: வீட்டுப் பேச்சு, வாசிப்பு, ஒரு தோழி, சொன்னதைச் செய்கிற அம்மா.”

தண்ணீர் குடித்தேன்.

“எனக்குப் புரியாதது, வகுப்பு எதற்காகச் சிரித்தது என்பது. அம்மாவுக்கும் தெரியவில்லை. எழுத்துக்கூட்ட அவளுக்குத் தெரியும். பதிவில் பேச்சு கொஞ்சம் மழலையாகக் கேட்கிறது. அதனால் என் கேள்வி பேச்சுப் பயிற்சியாளருக்கு. இந்தப் பதற்றத்துக்கு அடியில் பேச்சிலேயே ஒரு சிக்கல் இருக்கிறதா? இருந்தால் பள்ளியில் எங்கிருந்து தொடங்குவது என்பதே மாறும்.”

பதிவைப் போட்டேன். கோழி கொக்கரிக்கும் சத்தத்துக்கு நடுவே கணீரென்று ஒரு குரல். தம்பிக்குக் கதை சொல்கிறாள்.

“ஒலு காக்கா பெலிய மலத்துல உக்காந்து இலுந்துச்சாம்…”

குழந்தை மருத்துவர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. வாய் தவறி வருமே, அந்த மாதிரி. “எதுல உக்காந்துச்சாம்?” என்றார்.

பேச்சுப் பயிற்சியாளர் சிரிக்கவில்லை. “இன்னொரு தடவை போடுங்க” என்றார். போட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டார். “ர வரல. எல்லா இடத்துலயும் ல ஆகுது. ஆறு வயசுல இதை யாராவது கவனிச்சிருக்கணும். மற்றபடி வாக்கியம் அழகா இருக்கு, சொல்வளம் இருக்கு.” சற்று நிறுத்தினார். “ஒண்ணாம் வகுப்புப் பாடத்துல என்ன படம் இருக்கும்? மரம். அதைச் சத்தமா வாசிக்கச் சொன்னா இவ என்ன சொல்லியிருப்பா?”

எனக்கு அந்த வகுப்பறை கண்முன் வந்தது. ஆறு வயதுக் குழந்தை எழுந்து நின்று, சரியாகத்தான் வாசிக்கிறோம் என்று நம்பி, மலம் என்கிறாள். வகுப்பு சிரிக்கிறது. ஆசிரியையும் சிரித்து, இன்னொரு தடவை சொல்லு என்கிறார். மறுபடி அதே சொல். மறுபடி சிரிப்பு.

நான் குழந்தை மருத்துவரைப் பார்த்தேன். “இப்ப நீங்க சிரிச்சீங்கல்ல சார். இதுதான். இதைத்தான் அவ இரண்டு வருஷமா வாயை மூடி மூடித் தடுத்துக்கிட்டு இருக்கா.” என் குரல் உயர்ந்திருந்தது. உயர்த்தக்கூடாது என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

அவர் முகம் சிவந்தது. “நான் வேணும்னு சிரிக்கல” என்றார்.

“அந்த வகுப்புப் பிள்ளைகளும் வேணும்னு சிரிச்சிருக்காது.”

தலைவர் பேனாவை மூடி வைத்தார். “முந்தைய முடிவை நாம் திரும்பப் பெறுகிறோம். பள்ளிக்கு எழுத்தில் போகட்டும். மருந்து இப்போது வேண்டாம். மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?”

பேச்சுப் பயிற்சியாளர்தான் பதில் சொன்னார். ர-வுக்கான பயிற்சி இங்கேயும் வீட்டிலும் மட்டும். பள்ளியில் யாரும் அவள் உச்சரிப்பைத் திருத்தக் கூடாது. பள்ளியில் பள்ளிநேரம் முடிந்த பிறகு, காலி வகுப்பறையில் அம்மாவோடு விளையாட்டு. குரல் அங்கே பழகியதும் தோழி உள்ளே வரட்டும். அப்புறம் ஆசிரியை, முதலில் வாசலில், பிறகு பைய உள்ளே.

அடுத்த வாரம் சமூகப் பணியாளரும் நானும் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியர் எங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, “அப்ப சர்ட்டிபிகேட் கெடையாதா?” என்றார். வகுப்பின் வாசிப்பு நிலையை அவள் கீழே இழுக்கிறாள் என்பதே அவர் கவலை. முதல் வகுப்பு ஆசிரியையிடம் அந்தச் சம்பவத்தைக் கேட்டேன். அவருக்கு நினைவே இல்லை. பிறகு சிரித்தார். “சின்னப் பிள்ளைங்க சிரிக்கதுதான். இதுக்கெல்லாமா மேடம் ஒருத்தி வாய மூடுவா?”

ஏதாவது சொல்லிவிடுவேன் என்று சமூகப் பணியாளர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அன்று அந்தக் காலி வகுப்பறைக்கு அனுமதி வாங்கத்தான் போயிருந்தோம், சண்டைக்கு அல்ல. மூன்றாம் வகுப்பு ஆசிரியை நல்லவர். பள்ளி முடிந்த பிறகு அறையைத் திறந்துவிட, சாவியைத் தானே வைத்திருப்பதாகச் சொன்னார்.

நான்கு மாதம் ஆயிற்று. முதலில் அம்மாவோடு தாயக்கட்டம். பிறகு தோழியோடு. ஒரு மழை நாளில் ஆசிரியை வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தபோது, உள்ளே இவள் தன் குரலைத் தாழ்த்தாமல் எண்ணிக்கொண்டே போனாளாம். ஆசிரியை திரும்பிப் பார்க்கவே இல்லை. நாங்கள் சொல்லியிருந்தது அப்படித்தான். கோடை விடுமுறைக்கு முன் வருகைப் பதிவுக்கு அவளே பதில் சொல்ல ஆரம்பித்தாள். மெல்லிய குரல்தான், ஆனால் குரல்.

என்னிடம் அவள் பேசிய முதல் வாக்கியம், “தம்பிக்குப் பல்லு விழுந்துட்டு.” அம்மா சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அவள் அப்பாவிடம், அடித்தது தப்பு என்று நாங்கள் சொன்னோம்; அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். படித்தவர்களில், எங்கள் மேசையிலோ பள்ளியிலோ, ஒருவர்கூட அந்தப் பிள்ளையிடம் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த முதல் வகுப்பு ஆசிரியையைப் பற்றிக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினோம், பார்க்கிறோம் என்றார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது முதல் வகுப்பை அதே ஆசிரியைதான் எடுத்தார்.