கவுண்டர் கட்டத்தில் ஒட்டிய சிவப்புத் தாள்

வல்லம் வடகால் தொழிற்பேட்டைச் சாலையில் உள்ள அந்த கிளினிக்கில் சந்தனமாரியின் வேலை, திட்டு வாங்குவது. நியமன உத்தரவில் ‘வரவேற்பாளர்’ என்று போட்டிருந்தது, அது மரியாதைக்காக. உடல்தகுதிச் சான்றுக்காகக் கம்பெனிகள் அனுப்பும் பிள்ளைகள் டோக்கன் வாங்கி, ரத்தம் கொடுத்து, பெஞ்சில் காத்திருந்து, பசியில் கண் இருண்ட பிறகு அவளிடம்தான் வருவார்கள். ‘ரிப்போர்ட் இன்னும் வரல’ என்பாள். தனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே நம்பிச் சொன்னாள்.

புகார்ப் பெட்டி நிரம்பி வழிந்தபோது, பெரிய டாக்டர் அதைத் திறந்து பார்த்து எல்லோரையும் அதிர்ச்சியில் ஆழ்த்தினார். அப்போதுதான் அவர் ஒரு ஓட்டலில் வாடிக்கையாளர் சேவைக் கருத்தரங்கு முடித்துச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். நோயாளியின் வருகையை முழுதாக வரைபடம் போட உத்தரவிட்டார். எந்தக் கட்டத்தில் தடங்கல் இருக்கிறதோ அங்கே சிவப்புத் தாள். அந்தக் கட்டத்தில் இருக்கும் ஆளுக்குப் பதில் வேறு ஆள்.

வரையும் பொறுப்பு மேலாளர் வெங்கடேசனுக்கு. அவருடைய அப்பாவின் நெல்வயல்தான் இப்போது கிளினிக்கின் கார் நிறுத்துமிடம் என்பதால், அந்த இடத்தின்மேல் அவருக்குப் பரம்பரை அக்கறை இருந்தது. சுவரில் பழுப்புத் தாளை ஒட்டினார். மேல் வரிசையில் நோயாளி செய்வது: பதிவு, ரத்தம், காத்திருப்பு, சான்று. அதன் கீழே, நோயாளியின் கண்ணெதிரே ஊழியர் செய்வது. பிறகு குறுக்கே ஒரு கோடு. அதற்குக் கீழே உள்ளதை நோயாளி பார்க்க முடியாது. அங்கே ஆய்வகமும் கையெழுத்தும். எல்லாவற்றுக்கும் அடியில் மெஷின், கணினி, ஜெனரேட்டர் என்ற தாங்குதூண்கள்.

காத்திருப்புக்கு நேர் கீழே, கண்ணெதிரே இருந்தது ஒரே கட்டம். சந்தனமாரி. வெங்கடேசன் அதில் சிவப்பை ஒட்டினார்.

“எம்மேலயா சார் ஒட்டுதிய?” என்றாள். “வேல போச்சுன்னா ரூமக் காலி பண்ணிட்டு கோவில்பட்டி பஸ் ஏற வேண்டியதுதான்.”

“நான் இன்னாமா பண்றது? கோட்டுக்கு மேல நீ ஒருத்திதான் குந்தினு கீற.”

“கோட்டுக்குக் கீழ போயிப் பாத்தியளா?”

அவர் பார்க்கவில்லை. கீழ்க் கட்டங்களை மேசையிலிருந்தே நிரப்பியிருந்தார். மனச்சாட்சி உறுத்தவே, அல்லது மதியச் சாப்பாடு வர நேரமிருந்ததால், ஆய்வகத் தடுப்புக்குப் பின்னால் போனார். சந்தனமாரியும் போனாள்.

உள்ளே, காலையில் ரத்தம் கொடுத்தவர்களின் ரிப்போர்ட் அச்சாகிக் குவிந்திருந்தது. பக்கத்தில் உதவியாளர் கோதண்டம், போனைக் காதில் வைத்துக்கொண்டு தவமிருந்தார்.

“ரிப்போர்ட் வந்துட்சே. ஏன் குடுக்கல?” என்றார் வெங்கடேசன்.

“கம்பெனி எச்ஆர்கிட்ட மொதல்ல படிச்சுக் காட்டணும்பா. அவங்க ஆள வெச்சிக்கலாமா வேணாமான்னு சொல்வாங்க. அப்பால தான் டாக்டரு ஃபிட்டா இல்லியான்னு கையெழுத்துப் போடுவாரு. எச்ஆர் மீட்டிங்ல கீறாராம்.”

“எப்பத்துலேர்ந்து?”

“கிளினிக்கு தொறந்ததுலேர்ந்து. உனக்குத் தெரியாது?”

வெங்கடேசனுக்குத் தெரியாதது இது ஒன்றல்ல. ஆனால் தாளில் வரைய வேண்டியது இது ஒன்றுதான். ஆய்வகத்திலிருந்து கிளினிக்கின் சுவரைத் தாண்டி வெளியே ஓர் அம்பு போட்டார். பென்சிலில். சிவப்புத் தாளைப் பிடுங்கி அதன்மேல் ஒட்டினார். சந்தனமாரிக்கு நிம்மதி வரவில்லை. இத்தனை வருடம் எத்தனை பேரிடம் ‘இன்னும் வரல’ என்று சொன்னோம் என்று எண்ணத் தொடங்கினாள்.

பெரிய டாக்டர் அம்பை நெடுநேரம் பார்த்தார்.

“இது தடங்கல் இல்ல வெங்கடேசன். வாடிக்கையாளர் ஒருங்கிணைப்பு.”

“வாடிக்கையாளர் நோயாளிதானே சார்?”

“பில் யாருக்குப் போகுது?”

அம்பு அழிந்தது. அடித்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ‘ஒருங்கிணைப்பு’ என்று புதுக் கட்டம் முளைத்தது. சிவப்பு பழைய இடத்துக்குத் திரும்பியது. ஆனாலும் டாக்டர் கருணை உள்ளவர். சந்தனமாரியை வீட்டுக்கு அனுப்பாமல் கோட்டுக்குக் கீழே அனுப்பினார். கவுண்டரில் இனி ஒரு கணினித் திரை பேசும். எச்ஆருக்குப் போன் செய்வது அவள் வேலை. கோதண்டம் போனை அவளிடம் ஒப்படைத்தபோது, சுமை இறக்கியவர்போல் தோளை உருட்டிக்கொண்டார்.

முதல் நாள், குவியலின் மேலே இருந்த பெயர் முத்துச்செல்வி. சந்தனமாரியின் அறையிலேயே படுப்பவள். அடுத்த வாரம் கம்பெனியின் உற்பத்தி லைனில் நிரந்தரம் ஆகப்போகிறவள். ரத்த அளவு மிகக் குறைவு. சந்தனமாரி தடுப்பின் இடைவெளியில் பார்த்தாள். முத்துச்செல்வி பெஞ்சில் உட்கார்ந்து திரையை வெறித்துக்கொண்டிருந்தாள். ‘ரிப்போர்ட் இன்னும் வரவில்லை’ என்றது திரை, அழகான எழுத்தில்.

‘எச்ஆர் மீட்டிங்ல’ என்ற போனை வைத்துவிட்டு சந்தனமாரி வெளியே வந்தாள்.

“ஏட்டி, ரிப்போர்ட் வந்துட்டு. ஒடம்புல ரத்தமே இல்ல. நைட் ஷிஃப்ட் பாக்காத, வைத்தியம் பாரு.”

“வேலைக்கு எடுப்பாவளாக்கா?”

“தெரியாது. எச்ஆர்கிட்ட இன்னும் சொல்லல. ஒங்கிட்டதாம் மொதல்ல சொல்லுதேன்.”

முத்துச்செல்வி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வெளுத்திருந்தது.

சுவரிலிருந்த வரைபடத்துக்கு அடியில்தான் இருவரும் நின்றார்கள். அதில் இந்தக் காரியத்துக்குக் கட்டம் இல்லை. உள்ளே போன் அடித்தது. எச்ஆர் மீட்டிங்கிலிருந்து வெளியே வந்துவிட்டார். சந்தனமாரி கோட்டைத் தாண்டி உள்ளே போனாள்.