தொண்ணூற்றொன்றுக்கு முன்னால் வந்த நூற்றுப்பத்தொன்பது

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் 'தொண்ணூத்தொண்ணு'. சரக்கை உடைத்துத் துண்டுகளின் எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் திரையில் எந்த வரைபடம் வந்தாலும் அவள் கண் முதலில் அந்த எண்ணைத்தான் தேடும். பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கோபப்படமாட்டாள். "கூப்புடு, வயசு ஏறுனாலும் இது மாறாது" என்பாள். பக்கத்து மேஜையில் ஈரப்பதம் அளக்கும் எனக்கு அந்தச் சிரிப்புதான் பொழுதுபோக்கு.

அவளுக்கு ஒரு கூட்டாளி இருந்தாள். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே மெஷின், ஒரே டிபன் பாக்ஸ். மெஷினுக்குள் நுழைய ஆளுக்கொரு கடவுச்சொல் உண்டுதான். ஆனால் ஒருவர் வெளியேறி இன்னொருவர் நுழைவதற்குள் உயிர் போய்விடும் என்று இருவரும் தொண்ணூத்தொண்ணுவுடையதையே வைத்துக்கொண்டார்கள். அந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் செய்யும் மடத்தனம்தான்.

அன்று வந்தது பியூட்டைல்பென்சீன். ஒரு பென்சீன் வளையம், அதற்கு நாலு கார்பன் வால். வால் நேராக இருக்க வேண்டும், கிளைவிட்டால் சரக்கு தேறாது. ஒப்பிட்டுப் பார்க்க அசல் நேர்வால் சரக்கு எங்களிடம் ஒரு பாட்டிலில் உண்டு, அதை ஸ்டாண்டர்டு என்போம். மெஷினுக்குள் எலக்ட்ரான் அடித்ததும் வால் உடையும். வளையத்தை ஒட்டிய முதல் கார்பனைத் தாண்டி இருக்கும் பிணைப்புதான் சுலபமாக விட்டுப்போகும். வால் நேரானது என்றால் வளையமும் அந்த ஒரு கார்பனும் மிஞ்சும். எடை தொண்ணூற்றொன்று. அந்தத் துண்டு தன்னைத்தானே மாற்றியமைத்து ஏழு கார்பன் வளையமாகி நிம்மதியாக உட்கார்ந்துகொள்ளும், அதைத்தான் டிரோபிலியம் என்பார்கள். முதல் கார்பனிலேயே ஒரு கிளை இருந்தால் இரண்டு கார்பன் துண்டுதான் முதலில் கழன்று ஓடும். அப்போது உயர்ந்து நிற்பது நூற்றைந்து.

அவள் பார்த்தபோது உயர்ந்து நின்றது நூற்றைந்து.

"இது நேர்வால் இல்லடி, கிளை. தேறாது, அப்படியே எழுதிடு" என்று கூட்டாளியிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள். அனுப்பியவர் கூட்டாளியின் கொழுந்தனார் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. எனக்கும்தான்.

சரக்கு 'தேறியது' என்று போய், வாங்கிய தொழிற்சாலையில் ஒரு முழு கலவையும் வீணானது. மேனேஜர் எங்கள் மூவரையும் அறைக்குள் கூப்பிட்டார். மேஜையில் கிடந்த வரைபடத்தில் தொண்ணூற்றொன்று கம்பீரமாக நின்றது, பக்கத்திலேயே அதில் பாதி உயரத்துக்குத் தொண்ணூற்றிரண்டு. அசல் நேர்வால். மெஷினுக்குள் நுழைந்ததாகப் பதிவான பெயர் அவளுடையது. இந்த வேலை போவது மட்டுமல்ல, இனி எந்தக் கூடமும் அவளைச் சேர்க்காது.

அவள் முகம் வெளிறியது. ஆனால் சரக்கில் கலந்திருப்பவை ஒவ்வொன்றாக வெளிவந்த நேரத்தைக் காட்டும் இன்னொரு வரைபடத்தில், நேர்வாலுக்குச் சற்று முன்னால் வந்திருந்த ஒரு குட்டி முகட்டைப் பார்த்ததும் குரல் திரும்பியது.

"சார், இதோட எடையை எடுத்துப் பாருங்க. நூத்திப்பத்தொம்பது வரும். வாலோட முதல் கார்பன்ல மூணு மெத்தில் இருக்கற சரக்கு அது. ஒண்ணு கழண்டா நூத்திப்பத்தொம்பது. வெளியில இருந்து வந்த சாம்பிள்ல இது இல்ல. நம்ம ஸ்டாண்டர்டு பாட்டில்ல மட்டும்தான் இருக்கு. போன வருஷம் கழுவாத சிரிஞ்ச விட்டு நான்தான் கெடுத்தேன். யாரோ சாம்பிளுக்குப் பதிலா அதைப் போட்டிருக்காங்க!"

யாரோ என்றுதான் சொன்னாள். பக்கத்தில் நின்றவள் பெயரை அவள் வாய் சொல்லவில்லை.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த பாட்டில் விஷயம் எனக்குத் தெரியும்மா. உங்க கூட்டாளி போன வாரமே சொல்லிட்டாங்க. ஸ்டாண்டர்டையே கெடுத்தவங்க, சாம்பிளுக்கும் ஸ்டாண்டர்டுக்கும் குழம்பிட்டீங்க. அதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

அந்தக் கெட்ட சிரிஞ்சைப் பற்றி அவள் அழுதுகொண்டே சொன்னது ஒரே ஒருத்தியிடம். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டவளும் அவள்தான். அவள் இப்போது தன் சுண்டுவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே வேலை போனது. வெளியே வாயு உருளைகள் வரிசையாக நிற்கும் சந்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். இரண்டு அறை விடுவாள் என்று நினைத்தேன், விட்டிருந்தால் எனக்குச் சந்தோஷம்.

அவள் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"சாம்பிள் சீட்டுல உன் கொழுந்தனார் பேரை இப்பதான் பார்த்தேன். அவருக்காக செஞ்ச, சரி. குடும்பம், புரியுது. ஆனா அலமாரியில முத்திரை பிரிக்காத புது ஸ்டாண்டர்டு இருந்துச்சேடி. அதைப் போட்டிருந்தா சுத்தமா வந்திருக்கும், யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அந்தக் கெட்ட பாட்டிலை ஏன் எடுத்த?"

கூட்டாளி மெல்லச் சொன்னாள்.

"புதுசுல நூத்திப்பத்தொம்பது வராதே. அது இல்லாம பழி உன்மேல எப்படி நிக்கும்?"