சுக்ராவின் கூடமும் சுவர் நிறையப் படமும்

கூடத்தில் ஏதோ மெஷின் இரைய ஆரம்பித்தது. சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த சுக்ரா தட்டோடு வாசலைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்தாள். எதிர்ச் சுவரில் அவளுடைய நிழல் கூரைவரை எழுந்து நின்றது.

"ஏய், நவுருடி! படத்த மறைக்கிற" என்றார் கணவர் ஷௌகத் அலி.

"எங்கங்க நவுர்றது? இதுதான வழி?"

வழியில்தான் ஸ்டூல் போட்டு புரொஜெக்டரை வைத்திருந்தார்கள். மூடிப்போன கம்பெனிகளின் சாமான்களை வாங்கி விற்கும் தீர்த்தகிரி கொண்டுவந்தது. சுவரில் ஆறடிப் படம் விழ வேண்டுமென்றால் பத்தடியாவது தள்ளி வைக்க வேண்டும் என்றான். பதினோரு அடிக் கூடத்தில் பத்தடி என்பது சமையலறை வாசல்.

பழைய கறுப்பு வெள்ளை டிவி போன மாதம் செத்துவிட்டது. ஓசூரில் லேத் பட்டறை சூப்பர்வைசரான ஷௌகத் அலி, கம்பெனியின் ஜன்னலில்லாத பயிற்சி அறையில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தைச் சுவரளவில் பார்த்துவிட்டு வந்தவர். அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சில்லை.

சுக்ராவின் கவலை வேறு. புளி சீசனில் மண்டியிலிருந்து மூட்டை வரும். மாதம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் மத்தியானம் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து, டிவி பார்த்தபடியே கொட்டை எடுப்பார்கள். இரண்டு பெரிய ஜன்னல் இருப்பதால்தான் இங்கே வருகிறார்கள். கூடம் இருண்டால் அவர்கள் வேறு வீடு பார்ப்பார்கள். மண்டிக்காரரும் மூட்டையை அங்கேயே இறக்குவார். பதினைந்து வருடமாக அவளுக்கென்று இருந்தது அந்த மத்தியானம் ஒன்றுதான்.

"ஒண்ணுமே தெரியலியேண்ணா. சுண்ணாம்புல நீலம் அதிகமாயிட்ட மாதிரி இருக்குது" என்றாள் மற்ற மூன்று பெண்களோடு புளியும் கையுமாக இருந்த மாதம்மாள்.

"வெளிச்சத்துல அப்படித்தான்க்கா. ஜன்னலச் சாத்துங்க" என்றான் தீர்த்தகிரி.

சாத்தினார்கள். இடுக்கில் போர்வை தொங்கவிட்டார்கள். சுவரில் ஒரு கடல் விரிந்தது. அலை வந்தபோது மாதம்மாள் காலை இழுத்துக்கொண்டாள். சுக்ராவும் தட்டை மறந்து நின்றாள். அழகு என்பதை அவள் மறுக்கவில்லை. மறுக்க முடியாததுதான் அவளை வாட்டியது.

"புதுசு ரெண்டு லட்சத்துக்கு மேல பாய். உங்களுக்கு இருபத்தெட்டாயிரம். கடையில இருபத்தொம்பது இன்ச் டிவியே முப்பத்தஞ்சாயிரம்" என்றான் தீர்த்தகிரி.

"அந்த டிவிய பாகலூர் ரோட்டுக் கடையில பாத்தேன். மத்தியான வெயில் உள்ள அடிக்குது, அப்பவும் படம் பளிச்சுனு இருந்துச்சு" என்றாள் சுக்ரா. "இதுல சத்தம் எங்கருந்து வரும்?"

"ஸ்பீக்கர் தனியாக்கா. இதுல கேபிள் நேரா புடிக்காது, அதுக்கு இதோ நான் கொண்டாந்திருக்கிற மாதிரி ஒரு விசிஆரும் வேணும்."

"உள்ள இருக்கிற பல்பு?"

தீர்த்தகிரி தலையைச் சொறிந்தான். "ஆயிரம் மணி நேரம் வரும். அப்புறம் பெங்களூர்ல சொல்லி வரவழைக்கணும். பன்னெண்டாயிரம் ஆவும்."

"தெனம் அஞ்சு மணி நேரம் ஓடினா வருசத்துக்கு ரெண்டு பல்பு" என்று ஷௌகத் அலி மெதுவாகச் சொன்னார். ஆனால் கண்ணைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. "ராத்திரியில மட்டும் போட்டுக்கலாம், சுக்ரா."

"பகல்ல?"

இருட்டில் மாதம்மாள் ஒரு கொட்டையைச் சுத்தம் செய்த புளியிலேயே போட்டாள். கொட்டை கலந்த புளியை மண்டியில் திருப்பி அனுப்புவார்கள். சுக்ரா குனிந்து தடவி அதை எடுத்தாள்.

அப்போது கரண்ட் போனது.

"ஐயோ!" தீர்த்தகிரி பாய்ந்து புரொஜெக்டர் மேல் கையை வைத்து, சூடு தாங்காமல் எடுத்தான். "அணைச்சதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் உள்ள இருக்கிற ஃபேன் ஓடணும் பாய். இப்படி படக்குனு நின்னா பல்புக்கு ஆவாது."

பெண்கள் ஜன்னலைத் திறந்தார்கள். வெயில் பாயில் விழுந்தது. அவர்கள் பேசிக்கொண்டே புளியைத் தட்டத் தொடங்கினார்கள். ஷௌகத் அலி மட்டும் வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

சற்று நேரத்தில் கரண்ட் வந்தது. சுவரில் ஒன்றும் வரவில்லை.

"ஆறணும் பாய். சூட்டுல பல்பு எரியாது."

"எங்க தெருவுல ஒரு நாளைக்கு நாலு தடவ போவுது, தீர்த்தகிரி."

"தெரியும் பாய்."

ஷௌகத் அலி மனைவியைப் பார்த்தார். அவளும் பெண்களோடு உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"அந்த டிவி அந்த மூலையில நிக்குமா?" என்று கேட்டார்.

"பின்னாடி ரொம்ப நீளங்க. ஆனா மூலையில நிக்கும். ரெண்டு பேரு தூக்கணும்" என்றாள்.

"நானே கெழவன். இன்னொரு ஆள் பாரு" என்றார் அவர். மாதம்மாள் சிரித்துவிட்டாள்.

புரொஜெக்டர் ஆறியபின் அதைப் பெட்டியில் வைக்க ஷௌகத் அலிதான் உதவினார். தெர்மோகோலைத் தன் கையாலேயே பொருத்தினார். வாசல்வரை பெட்டியை அவரே சுமந்தார்.

"யாராச்சும் வாங்கினா எனக்குச் சொல்லு. ஒரு மேட்ச் பாக்க வர்றேன்."

"கட்டாயம் சொல்றேன் பாய்" என்று தீர்த்தகிரி பெட்டியை ஸ்கூட்டரில் கட்டினான். அவன் முனை திரும்பும்வரை நின்றிருந்துவிட்டு, ஷௌகத் அலி உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.