தொண்ணூற்றேழும் நூறும்

கோழித்தீவன ஆலையில் அவருக்கு மேற்பார்வையாளர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் கால்குலேட்டர். அந்தப் பட்டப்பெயர் அவர் காதிலும் விழுந்திருந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். தன்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளும் பாக்கியம் அவருக்கு இருந்தது.

எந்தத் தாள் கையில் கிடைத்தாலும் சட்டைப்பையில் இருக்கும் கால்குலேட்டரை எடுத்துக் கூட்டிப் பார்ப்பார். சரியாக இருந்தால் முகம் வாடிவிடும். தப்பாக இருந்தால் அன்றைக்கு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும். மகள் படித்த பள்ளியில் மதிப்பெண் அட்டையை வாங்கி, ஆசிரியையின் மேசை மேலேயே வைத்துக் கூட்டி, ஒரு மதிப்பெண் விட்டுப்போனதைக் கண்டுபிடித்தவர் அவர். ஆசிரியை மன்னிப்புக் கேட்டார். மகள் வெட்கத்தில் அந்த வாரம் முழுக்கப் பள்ளியில் தலை நிமிரவில்லை. அவருக்கு நினைவில் இருப்பது மன்னிப்பு மட்டும்தான்.

அந்த மகள்தான் இப்போது கணவனோடு சேர்ந்து ஒரு கொட்டகை போட்டு, முதல் தடவையாகக் குஞ்சுகளை இறக்கியிருந்தாள். கையில் இருந்ததெல்லாம் அதில் போயிருந்தது. குஞ்சுகள் தேறினால் தொழில், தேறாவிட்டால் கொட்டகையைப் பூட்டவேண்டியதுதான். "நம்ம ஆலைத் தீவனம்தான் போடணும். என் கண்ணு முன்னாடி தயாராகி வரும்" என்று அப்பா சொன்னதை அவள் நம்பினாள். பாவம், அப்பாவை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்.

ஆலையில் தீவனத்துக்கு எதை எத்தனை சதவீதம் சேர்ப்பது என்று கணக்குப் போடுவது ஒரு பெண். கால்நடைச் சத்துணவு படித்தவர். எல்லோருக்கும் ஃபார்முலா மேடம். அவர் போட்ட கணக்குக் கம்ப்யூட்டரில் இருக்கும். எடைபோடும் மெஷின் அதிலிருந்து எண்களை நேராக எடுத்துக்கொள்ளும். சுவரில் ஒட்ட மட்டும் ஒரு தாள் அச்சாகும். தாளில் புள்ளிக்குப் பின்னால் எண்கள் நெளிவது முதலாளிக்குப் பிடிக்காது. அதனால் முழு எண்களாகவே தெரியும்படி வைத்திருந்தார்கள்.

ஒருநாள் கால்குலேட்டர் குஞ்சுத் தீவனத் தாளைக் கூட்டினார். மக்காச்சோளம் 57, சோயா 31, மீன் தூள் 5, எண்ணெய் 3, சுண்ணாம்பு 1. உப்பு, வைட்டமின் கலவை, அமினோ அமிலம் மூன்றுக்கும் பூஜ்யம். கூட்டினால் 97. அடியில் கொட்டை எழுத்தில் 100 என்றிருந்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. மறுபடி கூட்டினார். அதே 97.

"மேடம், மூணு சதவீதம் எங்க போச்சு?"

"எங்கயும் போகல சார். தாள்ல புள்ளிக்கு அப்புறம் உள்ளதக் காட்டல, அவ்வளவுதான். சோளம் ஐம்பத்தேழு புள்ளி நாலு. சோயா முப்பத்தொண்ணு புள்ளி நாலு. உப்புகூட புள்ளி மூணு இருக்கு, தாள்ல பூஜ்யம்னு தெரியுது. கம்ப்யூட்டர் உள்ள இருக்கறதக் கூட்டுது, நீங்க வெளிய தெரியறதக் கூட்டறீங்க."

"கண்ணுக்குத் தெரியாததக் கூட்டறதுக்குப் பேரு கணக்கா மேடம்?"

மேடம் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை அவர் மன்னிக்கவில்லை. மூன்று சதவீதத்தை மேடமும் கிடங்குக்காரரும் பங்கு போடுகிறார்கள் என்று வீட்டில் மனைவியிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். "உங்களுக்கு யாரைத்தான் பிடிக்கும்" என்று அவள் தூங்கப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் மேடம் தங்கையின் கல்யாணத்துக்காக மூன்று வார விடுப்பில் போனார். கால்குலேட்டருக்குத் தலைகால் புரியவில்லை. மேடத்தின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தாளை மடியில் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் எழுத்துப்பலகையைத் தடவித் தடவி, தாளில் தெரிந்த எண்களை அப்படியே கட்டம் கட்டமாக அடித்தார். ஒவ்வொரு கட்டத்துக்குப் போகும்போதும் திரையின் மேல்பட்டையில் 57.4 என்றும் 31.4 என்றும் உண்மை எண் வந்து நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தால்தானே? 31 அடித்தார், 5 அடித்தார், 3, 1, பிறகு பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். காணாமல் போன மூன்றைச் சோளத்தில் சேர்த்து 60 ஆக்கினார். கூட்டுத்தொகை 100. சட்டைப்பைக் கால்குலேட்டரிலும் 100. உலகத்தையே திருத்திவிட்ட பெருமையோடு எழுந்து வந்து டீ குடித்தார்.

கலவை மெஷின்காரர்தான் ஓடி வந்தார். "சார், இன்னைக்கு வைட்டமின் மூட்டையே கேக்கலையே மெஷின்? உப்பும் கேக்கல."

"தாள்ல என்னய்யா போட்டிருக்கு?"

"பூஜ்யம்தான் சார். ஆனா எப்பவும் பூஜ்யம்னுதான் போட்டிருக்கும், மெஷின் கேக்கும்."

"அதான்யா சொல்றேன். இத்தனை நாளா தாள் ஒண்ணு சொல்ல மெஷின் ஒண்ணு செஞ்சுது. இப்பதான் ஒழுங்குக்கு வந்திருக்கு. போய் வேலையப் பாரு."

மெஷின்காரர் போனார். எதிர்த்துப் பேசினால் அடுத்த வாரம் இரவு வேலைதான் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த மாதம் ஒரே தடவை ஓடிய குஞ்சுத் தீவனம் முழுவதையும் லாரியில் ஏற்றி மகளின் கொட்டகைக்கே அனுப்பினார் நம் மேதை. தன் கையால் திருத்திய முதல் கலவையை வேறு எவனோ ஒருவனுடைய கோழிக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

குஞ்சுகள் முதலில் நன்றாகத்தான் தின்றன. இரண்டாவது வாரத்தில் சில நொண்டின. பிறகு கூட்டம் கூட்டமாகக் கால் மடங்கி உட்கார்ந்தன. விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டுகொண்டன. தண்ணீர்க் கிண்ணம் வரை போக முடியாமல் நடுவழியிலேயே படுத்தன. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, தீவனத்தில் வைட்டமினே இல்லை போலிருக்கிறது, ஆலையில் கேளுங்கள் என்றார்.

மகள் போன் செய்தபோது மேடம் விடுப்பு முடிந்து வந்து கணக்கைத் திறந்துகொண்டிருந்தார். எண்கள் கொஞ்சம் கோணலாகத் தெரிந்ததால் புள்ளிக்குப் பின்னால் ஒரு இடம் காட்டச் சொல்லிப் பார்த்தார். 60.0, 31.0, 5.0. கடைசியில் வரிசையாக 0.0, 0.0, 0.0. மேடம் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார். கால்குலேட்டர் அந்தப் பூஜ்யங்களைப் பார்த்துக்கொண்டே போனைக் காதில் வைத்தார்.

"அப்பா, எந்த மடையன்பா இதப் பண்ணினான்? வைட்டமினே போடலையாம். குஞ்செல்லாம் நிக்க முடியாமக் கிடக்குது. அவன நீங்க சும்மா விடக்கூடாது."

கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவும் ஆரம்பித்தார். எதிரே மேடம், வாசலில் மெஷின்காரர். இருவரும் அவரையே பார்த்தார்கள். தாளை மறுபடி கூட்டிப் பார்க்க அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அந்த நேரத்திலும் புத்தி அங்கேதான் ஓடியது.

"நான்தாம்மா மாத்தினேன். கூட்டல் வரலன்னு..."

மறுமுனையில் குஞ்சுகளின் கீச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தியிருந்தால்கூடச் சமாளித்திருப்பார்.

"அந்த ஃபார்முலா மேடம் பக்கத்துல இருக்காங்களாப்பா?"

"இருக்காங்க."

"போன அவங்ககிட்ட குடுங்க."

கொடுத்தார். மேடம் வாங்கிக்கொண்டு, தண்ணீரில் எந்த வைட்டமினை எவ்வளவு கலக்க வேண்டும், எந்தக் குஞ்சு எழுந்திருக்கும், எதுவெல்லாம் இனி எழாது என்று பொறுமையாகச் சொல்லத் தொடங்கினார். அந்தப் பக்கத்திலிருந்து மகள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். அவரிடம் எதையும் கேட்கவில்லை.