நாலாம் மாடிக் குழாயும் பிடித்துவைத்த பாதியும்

என் சித்தப்பா டைல்ஸ் பதிக்கும் துணை ஒப்பந்தக்காரர். "அது என் வேலை இல்லை" என்று யாரிடமும் சொல்லத் தெரியாதவர். குடும்ப வரலாற்றில் இதை அவருடைய குணம் என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால், சித்தியின் தம்பிக்கு நான் அநியாயம் செய்தவனாவேன்.

அந்தத் தம்பியை எல்லோரும் 'மட்டம்' என்றே அழைத்தார்கள். இரசமட்டம் இல்லாமல் அவர் ஒரு கல்லையும் வைத்ததில்லை. சித்தப்பாவிடம் தினக்கூலிக்கு இருந்த அவருக்குச் சொந்தப் பெயரில் ஒப்பந்தம் எடுக்கும் ஆசை. அதற்கு முன்பணம் வேண்டும். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் குளியலறைகளுக்கும் அறைத் தரைகளுக்கும் டைல்ஸ் பதித்து முடித்தபோது சித்தப்பா வாக்குக் கொடுத்தார்.

"பிடிச்ச காசுல மறுபாதி வந்ததும் அது உனக்குத்தான் மாப்ள. முதல் வேலை உன் பேர்ல."

பிடித்த காசு என்றால், ஒவ்வொரு பில்லிலும், சித்தப்பாவுக்கு வேலை கொடுத்த முதன்மை நிறுவனம் நூற்றுக்கு ஐந்து வீதம் நிறுத்திவைத்த தொகை. வேலை முடிந்ததும் அதில் பாதி கைக்கு வந்தது. மறுபாதி, குறை தென்பட்டால் இலவசமாகச் சரிசெய்து தரவேண்டிய ஓராண்டுக் குறைபாட்டுக் காலம் கழிந்து, நிலுவையில் குறை எதுவும் இல்லை என்றான பிறகே வரும். மட்டம் அந்த ஓராண்டும் காத்திருந்தார்.

ஆண்டு முடியும் தறுவாயில் தள இன்ஜினியர் தொலைபேசியில் அழைத்தார். நாலாம் மாடிக் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக் கூரையில் நீர் சொட்டுகிறது, குழாய்காரர் கிடைக்கவில்லை. சித்தப்பாவும் மட்டமும் போய் நாலு டைல்ஸை உடைத்தார்கள். சுவருக்குள் குழாயின் இணைப்பு விட்டிருந்தது. அதை அடைத்து, நீர்க்காப்புப் பூசி, புதுக்கல் பதித்தார்கள். இன்ஜினியர் ஒரு தாளை நீட்டினார்: 'குளியலறை டைல்ஸ் குறை சரிசெய்யப்பட்டது.'

"மாமா, சொட்டுனது பைப்பு. கையெழுத்தப் பைப்புக்காரன் போடட்டும்."

"கையெழுத்துதானே மாப்ள, கிட்னியா கேக்குறாங்க?"

"கிட்னி ரெண்டு இருக்கு மாமா. உங்க பேரு ஒண்ணுதான்."

சித்தப்பா சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

குறைபாட்டுக் காலம் முடிந்த மறுநாளே நிறுவனத்துக்குச் சித்தப்பாவின் கடிதம் போனது. பணி ஆணை எண், வேலை முடிந்த தேதி, காலம் நிறைவடைந்த தேதி, இணைப்பாக நிறைவுச் சான்றிதழ், மீதித் தொகையை விடுவிக்கும்படி வேண்டுகோள். குறையில்லாத கடிதம். பதில் வராததால் சித்தப்பா நேரில் போனார். கணக்குப் பிரிவில் இருந்த அம்மையார் கோப்பைத் திறந்து அந்தத் தாளைக் காட்டினார்.

"சரிசெஞ்ச வேலைக்கு, சரிசெஞ்ச தேதியிலிருந்து மறுபடி ஒரு வருஷம் சார். ஒப்பந்தத்துல இருக்கு."

"நாலு டைல்ஸும்மா அது. அதுவும் பைப்பு லீக்கு."

"நாலுன்னு எங்க எழுதியிருக்கு? எந்த மாடின்னுகூட இல்ல. இத வச்சு நான் எல்லாக் குளியலறைக் காசையும்தான் நிறுத்த முடியும்."

சித்தப்பா அங்கிருந்தே இன்ஜினியரை அழைத்தார். அவர் வேறு கட்டடத்துக்கு மாறிப் போயிருந்தார்.

"அண்ணே, பைப்பு லீக்குதான்னு வாயால எத்தன தடவ வேணாலும் சொல்றேன். எழுதிக் குடுன்னா மட்டும் என் வேலை போயிடும்."

அந்த அம்மையார் கல்நெஞ்சக்காரர் அல்லர். தரை வேலையில் எந்தக் குறையும் பதிவாகவில்லை, அதற்குரிய பங்கை மட்டும் தனியே கேட்டு எழுதுங்கள் என்று வழி சொன்னார். சித்தப்பா இரண்டாவது கடிதம் எழுதினார். அந்தப் பங்கு வந்தது. குளியலறைப் பங்கே பெரியது, அது நின்றது. வந்ததை உறையில் போட்டு மட்டத்திடம் கொடுத்தார். மட்டம் பேசிவைத்திருந்த வேலைக்கு அது பற்றவில்லை. அந்த வேலையை வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீ சொன்னியே மாப்ள."

"சொன்னேன். விடுங்க மாமா."

அவர் கோபப்பட்டிருந்தால் சித்தப்பாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அடுத்த மாதமே மட்டம் வேறொரு ஒப்பந்தக்காரரிடம் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

இரண்டாவது ஆண்டும் கழிந்தது. மூன்றாவது கடிதத்துக்கு ஒரே வாரத்தில், ஒரு காசு குறையாமல், நின்ற தொகை முழுவதும் வந்தது. சித்தப்பா அதை எடுத்துக்கொண்டு மட்டம் வேலைசெய்யும் கட்டடத்துக்கே போனார். மட்டம் கையிலிருந்த சிமெண்டைத் துடைத்துவிட்டு உறையை வாங்கினார், கனத்தைப் பார்த்தார், திருப்பித் தந்தார்.

"அக்காகிட்ட குடுத்துடுங்க. எனக்கு இப்ப மாசம் பொறந்தா சம்பளம் வந்துடுது. ஆள் சேர்த்து அலையற தெம்பு இல்ல மாமா."

"வாக்குக் குடுத்தேன்டா."

"காப்பாத்திட்டீங்களே. கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்."

சித்தி அந்த உறையைத் தம்பி பெயரில் வங்கியில் போட்டாள். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. சித்தப்பா அதன்பிறகும் பிறர் வேலையைச் செய்துகொடுக்கத்தான் செய்தார். கையெழுத்துக்கு மேலே மட்டும் எந்த மாடி, எந்தக் கல், யாருடைய குழாய் என்று தன் கையாலேயே எழுதுவார். எழுதி முடித்ததும், பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.